ஸ்பைனல்களில் நேர் அயனிகள் இடம் பெறும் முறை

1. ஒரே வாய்பாடு, இருவேறு அமைப்பு

சேலம் மாவட்டத்தில் உள்ள கஞ்சமலையின் இரும்புத் தாதுவில் மேக்னடைட் என்னும் கனிமம் அடங்கியுள்ளது. கருநிறமான இதன் துண்டொன்றின் அருகே காந்தத்தைக் கொண்டு சென்றால் அது வலுவாக ஈர்க்கப்படும். மேக்னடைட்டின் வாய்பாடு Fe₃O₄ ஆகும். மாங்கனீசும் இதே போன்றதொரு ஆக்சைடைத் தருகிறது. ஹாஸ்மனைட் எனப்படும் அக்கனிமத்தின் வாய்பாடு Mn₃O₄. பழுப்பு நிறமுள்ள அதன் தூளைச் சாதாரணக் காந்தம் அறை வெப்பநிலையில் வலுவாக ஈர்ப்பதில்லை. மேக்னடைட் மின்சாரத்தை ஓரளவு நன்கு கடத்துகிறது. ஹாஸ்மனைட் மிகக் குறைவாகவே கடத்துகிறது.

இரண்டு ஆக்சைடுகளிலும் நான்கு ஆக்சைடு அயனிகளுக்கு மூன்று உலோக அயனிகள் உள்ளன. அம்மூன்றில் ஒன்று +2 மின்சுமையும் மற்ற இரண்டு +3 மின்சுமையும் பெற்றுள்ளன. ஆயினும், படிகத்தினுள் எந்த அயனி எந்த இடத்தில் அமர்கிறது என்பதில் இவை வேறுபடுகின்றன. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றுகிறது என்பதையும், அதைக் கணக்கிட்டு முன்கூட்டியே கூற இயலுமா என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

2. ஸ்பைனல் படிகத்தில் உள்ள இடங்கள்

AB₂O₄ என்னும் பொது வாய்பாடுடைய ஆக்சைடுகளில் ஒரு பெரும் வகுப்பு, MgAl₂O₄ என்ற கனிமத்தின் பெயரால் ஸ்பைனல்கள் என்று அழைக்கப்படுகிறது. இவற்றின் படிக அமைப்பு 1915 ஆம் ஆண்டில் எக்ஸ் கதிர் ஆய்வின் வாயிலாகக் கண்டறியப்பட்டது.

ஸ்பைனலில் ஆக்சைடு அயனிகள் கனசதுர நெருங்கிப் பொதிந்த அமைப்பில் அடுக்கப்பட்டுள்ளன. இவ்வாறு அடுக்கும்போது ஆக்சைடு அயனிகளுக்கிடையே இருவகை வெற்றிடங்கள் உண்டாகின்றன என்பதை நாம் முன்னரே அறிவோம். நான்கு ஆக்சைடு அயனிகளால் சூழப்பட்டது நான்முகி வெற்றிடம். ஆறு ஆக்சைடு அயனிகளால் சூழப்பட்டது எண்முகி வெற்றிடம். நான்கு ஆக்சைடு அயனிகளுக்கு எட்டு நான்முகி வெற்றிடங்களும் நான்கு எண்முகி வெற்றிடங்களும் கிடைக்கின்றன. இவற்றுள் ஒரு நான்முகி வெற்றிடமும் இரண்டு எண்முகி வெற்றிடங்களும் மட்டுமே உலோக அயனிகளால் நிரப்பப்படுகின்றன. மற்றவை காலியாகவே உள்ளன.

நிரப்பப்படும் இம்மூன்று இடங்களை ஒரு A²⁺ அயனிக்கும் இரண்டு B³⁺ அயனிகளுக்கும் பகிர்ந்தளிக்க இரு வழிகள் உள்ளன.

சாதாரண ஸ்பைனல்: A²⁺ அயனி நான்முகி இடத்திலும், இரண்டு B³⁺ அயனிகளும் எண்முகி இடங்களிலும் அமைகின்றன. எண்முகி இடங்களில் உள்ள அயனிகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுவது மரபு. எனவே இதன் வாய்பாடு A[B₂]O₄.

தலைகீழ் ஸ்பைனல்: A²⁺ அயனி எண்முகி இடத்திற்குச் செல்கிறது. அதற்கு ஈடாக B³⁺ அயனிகளுள் ஒன்று நான்முகி இடத்திற்கு வருகிறது. இதன் வாய்பாடு B[AB]O₄.

'தலைகீழ்' என்ற சொல்லைக் கண்டு A அயனியும் B அயனிகளும் முற்றிலும் இடம் மாறிவிட்டன என்று பொருள் கொள்ளலாகாது. எண்முகி இடங்கள் இரண்டு. A²⁺ அயனியோ ஒன்று. ஆகவே B³⁺ அயனிகளில் பாதி மட்டுமே இடம் மாறுகின்றன. மறுபாதி எண்முகி இடத்திலேயே நீடிக்கின்றது.

3. இடத்திற்கேற்ப மாறும் d ஆர்பிட்டால்களின் ஆற்றல்

தனித்த அயனி ஒன்றில் ஐந்து d ஆர்பிட்டால்களும் சம ஆற்றல் உடையவை. அவ்வயனியை ஆக்சைடு அயனிகள் சூழும்போது அவற்றின் எதிர் மின்சுமை, d எலக்ட்ரான்களை விலக்குகிறது. இவ்விலக்கம் ஐந்து ஆர்பிட்டால்களுக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை.

எண்முகி இடத்தில் ஆறு ஆக்சைடு அயனிகளும் x, y, z அச்சுகளின் திசையில் அமைந்துள்ளன. அச்சுகளை நோக்கி நீளும் இரண்டு ஆர்பிட்டால்கள் (eg) அதிக விலக்கத்திற்கு உள்ளாகி ஆற்றலில் உயர்கின்றன. அச்சுகளுக்கு இடையே நீளும் மூன்று ஆர்பிட்டால்கள் (t₂g) ஆற்றலில் தாழ்கின்றன. இவ்விரு தொகுதிகளுக்கும் இடைப்பட்ட ஆற்றல் வேறுபாடு Δₒ எனக் குறிக்கப்படுகிறது. சராசரி ஆற்றலைச் சுழியாகக் கொண்டால், t₂g இல் உள்ள ஒவ்வோர் எலக்ட்ரானும் –0.4 Δₒ அளவும், eg இல் உள்ள ஒவ்வோர் எலக்ட்ரானும் +0.6 Δₒ அளவும் ஆற்றலுக்குப் பங்களிக்கின்றன.

நான்முகி இடத்தில் இவ்வரிசை மாறுகிறது. இரண்டு ஆர்பிட்டால்கள் (e) தாழ்ந்தும், மூன்று ஆர்பிட்டால்கள் (t₂) உயர்ந்தும் அமைகின்றன. e இல் உள்ள எலக்ட்ரான் –0.6 Δₜ அளவும், t₂ இல் உள்ள எலக்ட்ரான் +0.4 Δₜ அளவும் பங்களிக்கின்றன. நான்முகி இடத்தில் சூழும் அயனிகள் நான்கே. அவையும் எந்த ஆர்பிட்டாலையும் நேராக எதிர்கொள்வதில்லை. எனவே பிரிவு சிறியது: Δₜ ≈ (4/9) Δₒ.

எல்லா d எலக்ட்ரான்களின் பங்களிப்பையும் கூட்டினால் கிடைப்பதே படிகப் புல நிலைப்படுத்தும் ஆற்றல் ஆகும். ஓர் அயனி எண்முகி இடத்தில் பெறும் நிலைப்படுத்தும் ஆற்றல், நான்முகி இடத்தில் பெறுவதைவிட எவ்வளவு மிகுதி என்பதை அவ்வயனியின் எண்முகி இட விருப்ப ஆற்றல் என்று கூறுகிறோம். ஸ்பைனல்களில் அயனிகள் இடம் பெறும் முறையை இவ்வேறுபாட்டைக் கொண்டு விளக்கலாம் என்பதை 1957 இல் டூனிட்சும் ஆர்கலும் ஒரு கட்டுரையிலும், மெக்ளூர் தனியே மற்றொரு கட்டுரையிலும் எடுத்துக்காட்டினர்.

4. கணக்கிடும் முறை

Fe²⁺ அயனியை எடுத்துக்கொள்வோம். இதில் ஆறு d எலக்ட்ரான்கள் உள்ளன. ஆக்சைடு அயனி வலிமை குறைந்த ஈனி ஆதலால், எலக்ட்ரான்கள் முதலில் ஐந்து ஆர்பிட்டால்களிலும் தனித்தனியே நிரம்பி, ஆறாவது எலக்ட்ரான் மட்டும் தாழ்ந்த தொகுதியில் இணை சேர்கிறது. இது உயர் சுழற்சி நிலை எனப்படும்.

எண்முகி இடத்தில் (t₂g⁴ eg²):
4(–0.4) + 2(+0.6) = –0.4 Δₒ

நான்முகி இடத்தில் (e³ t₂³):
3(–0.6) + 3(+0.4) = –0.6 Δₜ = –0.6 × (4/9) Δₒ = –0.27 Δₒ

எனவே Fe²⁺ இன் எண்முகி இட விருப்ப ஆற்றல் 0.40 – 0.27 = 0.13 Δₒ. நான்முகி இடத்திற்குரிய மதிப்பை Δₜ இல் கணக்கிட்டபின் 4/9 ஆல் பெருக்க மறவாதீர்கள். பெருக்காமல் ஒப்பிட்டால் 0.6 என்பது 0.4 ஐ விடப் பெரியது என்று தோன்றி, Fe²⁺ நான்முகி இடத்தையே விரும்புகிறது என்ற தவறான முடிவு கிடைக்கும். தேர்வுகளில் மிகுதியாகக் காணப்படும் பிழை இதுவே.

இதே முறையில் உயர் சுழற்சி அயனிகள் சிலவற்றிற்குக் கணக்கிட்ட மதிப்புகள் கீழே தரப்பட்டுள்ளன. எல்லா மதிப்புகளும் அந்தந்த அயனியின் Δₒ அலகில் உள்ளன.

| அயனி | d எலக்ட்ரான்கள் | எண்முகி இடத்தில் | நான்முகி இடத்தில் | எண்முகி இட விருப்பம் |
|---|---|---|---|---|
| Cr³⁺ | 3 | –1.20 | –0.36 | 0.84 |
| Mn³⁺ | 4 | –0.60 | –0.18 | 0.42 |
| Mn²⁺, Fe³⁺ | 5 | 0 | 0 | 0 |
| Fe²⁺ | 6 | –0.40 | –0.27 | 0.13 |
| Co²⁺ | 7 | –0.80 | –0.53 | 0.27 |
| Ni²⁺ | 8 | –1.20 | –0.36 | 0.84 |

ஐந்து d எலக்ட்ரான்கள் உள்ள Mn²⁺, Fe³⁺ ஆகிய அயனிகளைக் கவனியுங்கள். இவற்றில் ஒவ்வோர் ஆர்பிட்டாலிலும் ஓர் எலக்ட்ரான் உள்ளது; ஆற்றலின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடு செய்கின்றன. எனவே படிகப் புலத்தைப் பொறுத்தவரை இவ்வயனிகளுக்கு இரண்டு இடங்களும் ஒன்றே. இடத்தைத் தீர்மானிக்கும் உரிமை உடன் இருக்கும் மற்ற அயனிக்கு உரியதாகிறது.

5. இரண்டு ஆக்சைடுகளின் ஒப்பீடு

மேக்னடைட், Fe₃O₄: இதில் ஒரு Fe²⁺ அயனியும் இரண்டு Fe³⁺ அயனிகளும் உள்ளன.

சாதாரண அமைப்பு Fe²⁺[Fe³⁺₂]O₄ எனில், மொத்த நிலைப்படுத்தும் ஆற்றல் = –0.27 + 0 + 0 = –0.27 Δₒ

தலைகீழ் அமைப்பு Fe³⁺[Fe²⁺Fe³⁺]O₄ எனில், மொத்தம் = 0 – 0.40 + 0 = –0.40 Δₒ

Fe³⁺ எங்கு அமர்ந்தாலும் அதற்கு இழப்பில்லை. Fe²⁺ எண்முகி இடத்தில் அமர்ந்தால் 0.13 Δₒ அளவு ஆதாயம் கிடைக்கிறது. எனவே தலைகீழ் அமைப்பே நிலைப்புத்தன்மை மிக்கது.

ஹாஸ்மனைட், Mn₃O₄: இதில் ஒரு Mn²⁺ அயனியும் இரண்டு Mn³⁺ அயனிகளும் உள்ளன. இங்கு விருப்பமற்ற d⁵ அயனி +2 மின்சுமையுடைய Mn²⁺ ஆகும்.

சாதாரண அமைப்பு Mn²⁺[Mn³⁺₂]O₄ எனில், மொத்தம் = 0 + 2(–0.60) = –1.20 Δₒ

தலைகீழ் அமைப்பு Mn³⁺[Mn²⁺Mn³⁺]O₄ எனில், மொத்தம் = –0.18 + 0 – 0.60 = –0.78 Δₒ

இங்குச் சாதாரண அமைப்பு 0.42 Δₒ அளவு கூடுதல் நிலைப்புத்தன்மை பெறுகிறது. ஆகவே Mn₃O₄ சாதாரண ஸ்பைனலாக உள்ளது.

மேக்னடைட்டில் d⁵ அயனி +3 மின்சுமையுடையது; ஹாஸ்மனைட்டில் d⁵ அயனி +2 மின்சுமையுடையது. இந்த ஒரு வேறுபாடே இரு படிகங்களையும் எதிரெதிர் அமைப்புகளுக்கு இட்டுச் செல்கிறது.

6. கணக்கீட்டைச் சோதனை உறுதி செய்கிறதா?

அயனிகள் எங்கு உள்ளன என்பதைக் காந்தத் திருப்புத்திறனை அளந்து சரிபார்க்கலாம். ஸ்பைனல் ஃபெரைட்டுகளில் நான்முகி இடங்களில் உள்ள அயனிகளின் காந்தத் திருப்புத்திறன்கள் ஒரு திசையிலும், எண்முகி இடங்களில் உள்ளவை அதற்கு நேர் எதிர்த் திசையிலும் அமைகின்றன என்று 1948 இல் நீல் என்னும் பிரெஞ்சு இயற்பியலாளர் விளக்கினார். எஞ்சி நிற்பது இரண்டின் வேறுபாடு மட்டுமே.

Fe³⁺ இல் ஐந்தும் Fe²⁺ இல் நான்கும் இணைசேரா எலக்ட்ரான்கள் உள்ளன. ஒவ்வோர் இணைசேரா எலக்ட்ரானுக்கும் ஒரு போர் மேக்னட்டான் எனக் கொள்வோம்.

மேக்னடைட் சாதாரண ஸ்பைனலாக இருந்தால்: எண்முகி இடங்களில் 5 + 5 = 10; நான்முகி இடத்தில் 4; எஞ்சுவது 6.

தலைகீழ் ஸ்பைனலாக இருந்தால்: எண்முகி இடங்களில் 4 + 5 = 9; நான்முகி இடத்தில் 5; எஞ்சுவது 4.

மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் ஒரு Fe₃O₄ அலகிற்கு அளக்கப்பட்ட மதிப்பு ஏறத்தாழ 4.1 போர் மேக்னட்டான் ஆகும். இது 6 என்ற மதிப்பிற்கு வெகு தொலைவில் உள்ளது. 4 என்ற மதிப்புடன் நன்கு பொருந்துகிறது. மேக்னடைட் தலைகீழ் ஸ்பைனலே என்பது இதனால் உறுதியாகிறது.

மின் கடத்துதிறனும் இதே முடிவைக் காட்டுகிறது. தலைகீழ் அமைப்பில் Fe²⁺, Fe³⁺ ஆகிய இரண்டும் அருகருகே ஒரே வகையான எண்முகி இடங்களில் உள்ளன. எனவே Fe²⁺ இலிருந்து ஓர் எலக்ட்ரான் அருகில் உள்ள Fe³⁺ க்கு எளிதில் தாவுகிறது. Mn₃O₄ இல் Mn²⁺ நான்முகி இடத்திலும் Mn³⁺ எண்முகி இடத்திலும் பிரிந்து நிற்பதால் அத்தகைய தாவல் எளிதன்று.

Mn₃O₄ இன் படிக வடிவமும் ஒரு சான்றாகும். எண்முகி இடத்தில் உள்ள Mn³⁺ (t₂g³ eg¹) தன்னைச் சூழ்ந்த எண்முகியை ஓர் அச்சின் திசையில் நீட்டுகிறது. இது ஜான்–டெல்லர் விளைவு எனப்படும். எண்முகி இடங்கள் எல்லாவற்றிலும் இத்தகைய அயனிகளே நிறைந்துள்ளதால் படிகம் முழுவதும் நீள்கிறது. கனசதுரமாக இருக்க வேண்டிய அலகுக்கூடு, அறை வெப்பநிலையில் ஒரு பக்கம் மற்றவற்றைவிட ஏறத்தாழ 16 சதவீதம் நீண்டு காணப்படுகிறது.

7. கவனம் தேவைப்படும் இடங்கள்

சுழற்சி நிலையைச் சரிபார்த்தல்: Co₃O₄ இல் Co²⁺ (d⁷), Co³⁺ (d⁶) ஆகிய அயனிகள் உள்ளன. Co³⁺ ஐயும் Fe²⁺ ஐப் போலவே உயர் சுழற்சி d⁶ எனக் கொண்டால் அதன் விருப்பம் 0.13 Δₒ, Co²⁺ இன் விருப்பமோ 0.27 Δₒ. இதிலிருந்து Co₃O₄ தலைகீழ் ஸ்பைனல் என்ற முடிவிற்கு வர நேரிடலாம். ஆனால் அது உண்மையில் சாதாரண ஸ்பைனல் ஆகும். பிழை எங்கே? Co³⁺ இன் Δₒ மிகப் பெரியது. எனவே எண்முகி இடத்தில் அதன் ஆறு எலக்ட்ரான்களும் இணை சேர்ந்து t₂g தொகுதியிலேயே தங்கிவிடுகின்றன. இத்தாழ் சுழற்சி நிலையில் நிலைப்படுத்தும் ஆற்றல் 6(–0.4) = –2.4 Δₒ ஆகிறது. இணை சேர்வதற்கு ஆகும் ஆற்றலைக் கழித்த பின்னரும் Co³⁺ எண்முகி இடத்தையே உறுதியாகப் பற்றுகிறது.

Δₒ எல்லா அயனிகளுக்கும் ஒன்றன்று: அட்டவணையில் Cr³⁺, Ni²⁺ ஆகிய இரண்டிற்கும் 0.84 என்ற ஒரே எண் உள்ளது. ஆயினும் மின்சுமை +3 உடைய அயனிக்கு Δₒ பெரியது. கிலோஜூலில் கூறினால் Ni²⁺ இன் விருப்பம் மோலுக்கு ஏறத்தாழ 85; Cr³⁺ இன் விருப்பம் ஏறத்தாழ 158. இரு அயனிகளுக்கும் விருப்பம் இருக்கும்போது, எண்களை மட்டும் நேரடியாக ஒப்பிடுதல் கூடாது.

பிற காரணிகள்: படிகப் புல நிலைப்படுத்தும் ஆற்றல், படிகத்தின் மொத்த ஆற்றலில் ஒரு சிறு பகுதியே. அயனிகளின் மின்சுமை, ஆரம், பிணைப்பின் தன்மை ஆகியவையும் இடத்தைத் தீர்மானிக்கின்றன. CoAl₂O₄ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. Al³⁺ இல் d எலக்ட்ரான்கள் இல்லை. Co²⁺ க்கு 0.27 Δₒ அளவு எண்முகி விருப்பம் உண்டு. ஆகவே இது தலைகீழ் ஸ்பைனலாக இருக்க வேண்டும் எனக் கணக்கு கூறுகிறது. ஆனால் இச்சேர்மம் பெரும்பாலும் சாதாரண ஸ்பைனலாகவே உள்ளது. ஓவியர்களும் பீங்கான் தொழிலாளரும் பயன்படுத்தும் கோபால்ட் நீலம் என்னும் நிறமி இதுவே. அதன் அடர்ந்த நீலம், நான்முகி இடத்தில் உள்ள Co²⁺ அயனிக்கே உரிய நிறமாகும். மாறாக, விருப்பம் மிகப் பெரியதாக உள்ள Ni²⁺ ஐக் கொண்ட NiAl₂O₄ இல், பெரும்பான்மையான Ni²⁺ அயனிகள் எண்முகி இடங்களில் காணப்படுகின்றன.

ஆகவே, விருப்ப ஆற்றல் பெரியதாக உள்ளபோது இக்கணக்கீடு நம்பத்தக்கது. சிறியதாக உள்ளபோது மற்றக் காரணிகள் அதை வென்றுவிடலாம். மேக்னடைட்டில் விருப்பம் 0.13 Δₒ என்ற சிறிய மதிப்பே. எனினும், சிறிய அயனியாகிய Fe³⁺ நான்முகி இடத்தில் நன்கு பொருந்துவதால், அயனி ஆரமும் அதே திசையில் துணை நிற்கிறது.

தன் மதிப்பீடு

1. NiFe₂O₄ சாதாரண ஸ்பைனலா, தலைகீழ் ஸ்பைனலா என்பதை அட்டவணையைக் கொண்டு கண்டறிக. ஒரு வாய்பாட்டு அலகிற்கு எஞ்சும் காந்தத் திருப்புத்திறனைக் கணக்கிடுக. (Ni²⁺ இல் இணைசேரா எலக்ட்ரான்கள் 2)

2. NiCr₂O₄ சாதாரண ஸ்பைனலாக இருப்பதன் காரணத்தை விளக்குக.

3. MgAl₂O₄ இல் அயனிகள் பெறும் இடங்களைப் படிகப் புல நிலைப்படுத்தும் ஆற்றலைக் கொண்டு விளக்க இயலாது. ஏன்?

விடைக் குறிப்பு: (1) தலைகீழ் ஸ்பைனல்; எண்முகி இடங்களில் 2 + 5 = 7, நான்முகி இடத்தில் 5, எஞ்சுவது 2 போர் மேக்னட்டான். (2) Cr³⁺ இன் Δₒ பெரியது. ஆகவே எண்முகி இடத்தை இழந்தால் Ni²⁺ ஐ விட அதற்கே இழப்பு மிகுதி. (3) Mg²⁺, Al³⁺ ஆகிய இரண்டிலும் d எலக்ட்ரான்கள் இல்லை.